சரக்கு சென்னைக்கு வந்தாச்சு, சென்னையில் எங்கே?

வெளிநாட்டிலிருந்து கப்பலில் சரக்கு வரவழைக்கும் சின்னத் தொழில்காரர்களிடம் ஒரு தாள் இருக்கும். பில் ஆஃப் லேடிங், சுருக்கமாக பி.எல். அதில் இறக்கும் துறைமுகம் என்ற கட்டத்தில் ‘சென்னை’ என்று இருக்கும். டெலிவரி இடம் என்ற கட்டத்திலும் மறுபடி ‘சென்னை’ என்றே இருக்கும். ஊர் பேரைப் போட்டுவிட்டு மண்டபத்தின் பேரை விட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் அது. பத்திரிகையை வாங்கியவர் நேராகக் கிளம்பி ராஜாஜி சாலைக்கு வந்து, துறைமுக மதில் ஓரமாக ஒவ்வொரு கேட்டாக விசாரித்துக்கொண்டு போவார்.

தம்புச்செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்கும். எனக்குக் கடைசியாக வந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடமிருந்து. சீனாவில் நிங்போவிலிருந்து ஒரு ஸ்பிண்டில் மோட்டாரும் அதற்கான உதிரிகளும் வரவழைத்திருந்தார். மூன்று மரப்பெட்டி, மொத்தம் 640 கிலோ, 1.8 கன மீட்டர். கப்பல் வந்துவிட்டது என்று சீனாக்காரர் வாட்ஸாப்பில் சொன்னதும், குட்டி யானை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“அண்ணே, ஜீரோ கேட்டுக்கிட்ட நிக்கிறேன். உள்ள விடமாட்டேங்குறாங்க.”

“பி.எல். கையில இருக்கா தம்பி? அதுல சி.எஃப்.எஸ்., இல்லன்னா சி.ஒய்.னு எங்கயாவது போட்டிருக்கான்னு பாருங்க.”

“சி.எஃப்.எஸ். பார் சி.எஃப்.எஸ்.னு இருக்குண்ணே.”

“அப்ப அங்க நிக்கவே வேணாம். வண்டியத் திருப்பி அனுப்பிடுங்க. இன்னிக்கு வாடகை போனது போகட்டும்.”

அந்த இரண்டு எழுத்துக் குழுக்கள்தான் முதல் கேள்விக்கு விடை. சி.ஒய். என்றால் கன்டெய்னர் யார்டு. முழுப் பெட்டியும் ஒருவருக்கே சொந்தம், பெட்டி பெட்டியாகவே கைமாறும். சி.எஃப்.எஸ். என்றால் கன்டெய்னர் ஃப்ரைட் ஸ்டேஷன். துறைமுகத்துக்கு வெளியே, சுங்கத்துறையின் அனுமதியோடு தனியாரோ அரசு நிறுவனமோ நடத்தும் இடம் அது. பத்து இருபது பேருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் அடைத்து அனுப்பியிருப்பார்கள். அது துறைமுகத்தில் இறங்கி, டிரெய்லரில் ஏறி, அந்த ஸ்டேஷனுக்குப் போய், அங்கேதான் சீல் உடைத்துப் பிரிப்பார்கள். மூன்று மரப்பெட்டிக்காரர் துறைமுக கேட்டுக்குப் போவதில் எந்தப் பயனும் இல்லை. அவருடைய சரக்கு துறைமுகத்துக்குள் தனியாக இருக்கவே இருக்காது.

சென்னையைச் சுற்றி இந்த ஸ்டேஷன்கள் பெரும்பாலும் வடக்கே சிதறிக் கிடக்கின்றன. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மாதவரம், மணலி, மணலி புதுநகர், விச்சூர், மீஞ்சூர் என்று நீளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மதியம் முழுக்கப் போய்விடும். லாரி வரிசை நிற்கும் நாளாக இருந்தால் சொல்லவே வேண்டாம். எந்த ஸ்டேஷன் என்று தெரியாமல் வண்டி எடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சரி, எந்த ஸ்டேஷன் என்று பி.எல். சொல்லுமா? சொல்லாது. சரக்கை ஏற்றும் நாளில் அச்சாகும் தாள் அது. கப்பல் இங்கே வந்து சேர்ந்த பிறகு முடிவாகிற விஷயம் அதில் எப்படி இருக்கும்? ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். தாளின் கீழ்ப்பகுதியிலோ வலது ஓரத்திலோ, சரக்கு டெலிவரிக்கு இவரை அணுகவும் என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் சென்னை முகவரி, போன் நம்பர், மின்னஞ்சல் இருக்கும். அதுதான் டெலிவரி ஏஜென்ட். நிறையப் பேர் மேலே அச்சடித்திருக்கும் பெரிய லோகோவைப் பார்த்து அந்தக் கம்பெனியைத் தேடுவார்கள். பல நேரம் அந்தக் கம்பெனிக்கு இங்கே ஆபீஸே இருக்காது. கீழே இருக்கும் சின்ன எழுத்துக் கட்டம்தான் வேலைக்கு ஆகும்.

இங்கே இன்னொரு குழப்பம் உண்டு. இந்தத் தம்பி பி.எல். எண்ணைக் கப்பல் கம்பெனியின் வலைத்தளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வந்திருக்கிறது. பயந்துபோய் சீனாக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். அந்த எண் பொய் இல்லை. அவரிடம் இருந்தது ஹவுஸ் பி.எல். பலருடைய சரக்கைச் சேர்த்து அனுப்பும் ஃபார்வர்டர் தன் பேரில் கொடுத்த தாள் அது. கப்பல் கம்பெனி அந்த ஃபார்வர்டருக்கு முழு கன்டெய்னருக்கும் சேர்த்து வேறொரு தாள் கொடுத்திருக்கும், அதற்கு மாஸ்டர் பி.எல். என்று பேர். கப்பல்காரர்களின் கணினிக்கு அந்த மாஸ்டர் எண்ணைத்தான் தெரியும். தம்பியின் பேரோ, அவருடைய மூன்று பெட்டியோ அந்தத் தளத்தில் இருக்காது.

மாஸ்டர் எண்ணைக் கேட்டால் ஏஜென்ட் சில நேரம் தருவார், சில நேரம் இழுப்பார். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஹவுஸ் பி.எல்.லின் நடுப்பகுதியில், சரக்கு விவரத்துக்குப் பக்கத்தில், கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட அது போதும். கப்பல் கம்பெனியின் தளத்தில் போடலாம். இந்தியாவுக்குள் இறங்கிய பிறகு ldb.co.in தளத்தில் போடலாம். துறைமுகத்தில் கன்டெய்னர்மேல் ஒட்டும் ரேடியோ குறிச்சீட்டை வைத்து அந்தத் தளம் பெட்டி எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது வெளியேறியது, எந்த ஸ்டேஷனுக்குள் எப்போது நுழைந்தது என்று காட்டும். ஏஜென்ட் போனை எடுக்காத நாளில் எனக்குப் பலமுறை கைகொடுத்த தளம்.

எண்ணைப் போட்டும் ஒன்றும் வரவில்லையென்றால், முதலில் எண் சரியா என்று பாருங்கள். போனில் சொல்லி எழுதிய எண்களில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிடுவது சகஜம். அதைக் கண்டுபிடிக்கக் கன்டெய்னர் எண்ணுக்குள்ளேயே வழி வைத்திருக்கிறார்கள். கடைசி இலக்கம், பெட்டியின் கதவில் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருக்குமே, அது முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்கிட்டது. எழுத்துகளுக்கு A-க்கு 10, B-க்கு 12 என்று மதிப்பு, 11-இன் மடங்குகளைத் தாண்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்தையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

```
CSQU 305438 3
13×1 + 30×2 + 28×4 + 32×8 + 3×16 + 0×32 + 5×64 + 4×128 + 3×256 + 8×512 = 6185
6185 ÷ 11 → மீதி 3
```

இதில் 38-ஐ 83 என்று மாற்றி எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 4905 ஆகி, மீதி 10 வரும், கடைசி இலக்கம் 0 ஆக இருந்திருக்க வேண்டும். தாளில் 3 இருக்கிறது, ஆக எங்கோ பிசகு. ஒவ்வொரு முறையும் இதைக் கையால் போடச் சொல்லவில்லை. எண் தப்பு என்று தளம் சொன்னால் கப்பலைச் சந்தேகப்படாமல் எழுதியவரைச் சந்தேகப்படுங்கள், அவ்வளவுதான்.

தம்பியின் கன்டெய்னர் எண்ணைப் போட்டுப் பார்த்ததில்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கே வரவில்லை. காட்டுப்பள்ளியில் இறங்கியிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்குச் சென்னைக் கப்பல் என்றால் ஒரே துறைமுகம். இங்கே அது மூன்று. ராஜாஜி சாலை ஓரத்தில் இருக்கும் பழைய சென்னைத் துறைமுகம். அதற்கு வடக்கே எண்ணூரில் 2001-இல் தொடங்கிய காமராஜர் துறைமுகம். அதையும் தாண்டி, மீஞ்சூர் பக்கம், காட்டுப்பள்ளி. அதை எல் அண்ட் டி கட்டியது, 2018-இல் அதானி வாங்கியது. மூன்றிலும் கன்டெய்னர் இறங்குகிறது. சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே டி.பி. வேர்ல்டு நடத்துவது ஒன்று, பி.எஸ்.ஏ. நடத்துவது ஒன்று என்று இரண்டு கன்டெய்னர் டெர்மினல். கப்பல் கம்பெனிகள் தங்கள் வாரச் சேவையை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வது உண்டு. நெரிசல் என்றால் ஒரு பயணத்துக்கு மட்டும் மாற்றுவதும் உண்டு. சீனாவில் தாள் அடிக்கும் ஃபார்வர்டருக்கு எல்லாமே ‘சென்னை’தான். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

மூன்றுக்கும் சுங்கத்துறையின் கணக்கில் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. சென்னைத் துறைமுகம் INMAA1. எண்ணூர் INENR1. காட்டுப்பள்ளி INKAT1. மீனம்பாக்கம் விமானச் சரக்கு INMAA4. இந்த ஆறெழுத்தைத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி. ஊரின் பேர் ஏமாற்றும், குறியீடு ஏமாற்றாது. தம்பியின் சரக்குக்கு INKAT1.

இது வண்டியை எங்கே அனுப்புவது என்பதற்கு மட்டும் வேண்டிய தகவல் இல்லை. சரக்கை வெளியே எடுக்கச் சுங்கத்துறையில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும். அதை எந்தத் துறைமுகத்தின் பேரில் போடுகிறோமோ அங்கேதான் அது நிற்கும். பி.எல்.லை மட்டும் பார்த்து INMAA1-இல் போட்டுவிட்டால், சரக்கு காட்டுப்பள்ளிக் கணக்கில் இருக்கும், தாள் சென்னைக் கணக்கில் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. பழையதை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். இதற்குள் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தாண்டிவிட்டால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு ₹5,000, அதன் பிறகு நாளொன்றுக்கு ₹10,000 தாமதக் கட்டணம். ஒன்றரை லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு இது தாங்காது. நல்லவேளை, இவருடைய கிளியரிங் ஏஜென்ட் இன்னும் தாக்கல் செய்திருக்கவில்லை.

துறைமுகம் தெரிந்துவிட்டது. அடுத்து ஸ்டேஷன். அதற்கான தாள் அரைவல் நோட்டீஸ். கப்பல் வரும் நேரத்தில் டெலிவரி ஏஜென்ட் சரக்குக்குரியவருக்கு அனுப்பும் கடிதம் இது. என்னைக் கேட்டால் பி.எல்.லை விட இதுதான் முக்கியமான தாள் என்பேன். முதல்முறை இறக்குமதி செய்கிறவர்களிடம் இது பெரும்பாலும் இருக்காது. ஏனென்றால் இது பி.எல்.லில் இருக்கும் மின்னஞ்சலுக்குப் போகும். இந்தத் தம்பியின் விஷயத்தில், சீனாக்காரர் தன்னிடம் இருந்த பழைய விசிட்டிங் கார்டின் முகவரியைக் கொடுத்துவிட்டார். அந்த மின்னஞ்சலை யாரும் திறப்பதே இல்லை. டெலிவரி ஏஜென்டைக் கூப்பிட்டு ஹவுஸ் பி.எல். எண்ணைச் சொன்னதும், பத்து நிமிடத்தில் வாட்ஸாப்பில் வந்துவிட்டது.

நோட்டீஸில் கட்டணக் கணக்கு பெரிதாக இருக்கும், எல்லோரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் மேலே பாருங்கள். கப்பலின் பேர், பயண எண், ஐ.ஜி.எம். எண், தேதி, லைன் எண், சப்லைன் எண், கடைசியில் சி.எஃப்.எஸ். பேர். ஐ.ஜி.எம். என்பது அந்தக் கப்பல் கொண்டுவந்த சரக்கு அத்தனைக்குமான பட்டியல், சுங்கத்துறை அதற்கு ஓர் எண் கொடுக்கும். அந்தப் பட்டியலில் மாஸ்டர் பி.எல். எத்தனையாவது வரி என்பது லைன் எண். அந்த வரிக்குள் உங்கள் ஹவுஸ் பி.எல். எத்தனையாவது என்பது சப்லைன். தம்பியுடையது லைன் 87, சப்லைன் 4. ஸ்டேஷனில் இருக்கும் கிளார்க்கிடம் உங்கள் கம்பெனி பேரைச் சொன்னால் தேடிக்கொண்டே இருப்பார். இந்த மூன்று எண்ணைச் சொன்னால் உடனே திரையில் வந்துவிடும்.

நோட்டீஸில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம் என்றால், icegate.gov.in தளத்தில் கடல்வழி ஐ.ஜி.எம். விசாரணைப் பக்கத்தில் துறைமுகக் குறியீட்டையும் பி.எல். எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். அங்கே INMAA1 என்று போட்டால் ஒன்றுமே வராது, INKAT1 என்று போட்டால் வரும். தம்பியையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். “ஆமாண்ணே, காட்டுப்பள்ளிலதான் வருது” என்றார். கப்பலுக்கு உள்வரவு அனுமதி கொடுத்த தேதியும் அதில் தெரியும். அந்தத் தேதி காலியாக இருந்தால் கப்பல் கணக்கில் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சீனாக்காரர் என்ன சொன்னாலும் சரி.

நோட்டீஸில் ஸ்டேஷன் என்று ஒரு கம்பெனியின் பேர் இருந்தது. இடம் இல்லை. இங்கேதான் பழகியவர்களும் ஏமாறுவார்கள். ஒரே கம்பெனிக்கு மாதவரத்தில் ஒன்றும் விச்சூரில் ஒன்றும் இருக்கலாம். கூகுள் மேப்பில் பேரைப் போட்டால் ஆபீஸைக் காட்டும், அது பாரிமுனைப் பக்கம் ஏதாவது மாடியில் இருக்கும். ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் சுங்கத்துறை கொடுத்த குறியீடு உண்டு. முதல் ஆறெழுத்து துறைமுகத்தினுடையது, அதற்குப் பின்னால் வருவது அந்த இடத்தினுடையது. பில் ஆஃப் என்ட்ரியிலும் டெலிவரி ஆர்டரிலும் அந்தக் குறியீடும் முகவரியும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். அதற்கும் மேலே, வண்டி கிளம்பும் முன் ஸ்டேஷனுக்கே போன் போட்டுக் கன்டெய்னர் எண்ணைச் சொல்லி, பெட்டி இந்த யார்டுக்குத்தானே வந்திருக்கிறது என்று கேட்பது என் வழக்கம். தம்பியுடையது விச்சூர் என்று தெரிந்தது.

அதே போனில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: “டீஸ்டஃப் ஆயிடுச்சா சார்?” கன்டெய்னர் ஸ்டேஷனுக்குள் நுழைவதும், அதைத் திறந்து சரக்கை இறக்கி எண்ணி வைப்பதும் வேறு வேறு நாளில் நடக்கும். ldb.co.in பெட்டி உள்ளே போனதைக் காட்டும், பிரித்ததைக் காட்டாது. பிரிக்காத பெட்டிக்கு முன்னால் குட்டி யானையோடு போய் நிற்பதும், ஜீரோ கேட்டில் நிற்பதும் ஒன்றுதான்.

டெலிவரி ஆர்டர் பற்றி ஒரு வார்த்தை. டெலிவரி ஏஜென்ட் தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, அசல் பி.எல்.லையோ அதற்கு ஈடான விடுவிப்பையோ பார்த்துவிட்டு, இன்னாருடைய சரக்கைக் கொடுக்கலாம் என்று ஸ்டேஷனுக்கு எழுதும் கடிதம் அது. டி.ஓ. என்று சொல்வார்கள். இப்போதெல்லாம் பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே போய்விடுகிறது. அதில் ஒரு செல்லுபடித் தேதி இருக்கும். அந்தத் தேதி முடிந்திருந்தால் ஸ்டேஷன் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி ஏஜென்டிடம் போய்ப் புதுப்பிக்க வேண்டும். சுங்கத்துறை வரி வசூலையும் சோதனையையும் முடித்து ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ கொடுத்திருந்தாலும், டி.ஓ. காலாவதி என்றால் சரக்கு நகராது. இரண்டும் ஒரே நாளில் உயிரோடு இருக்க வேண்டும்.

முழு கன்டெய்னராக எடுப்பவர்களுக்கு இந்த டி.ஓ.வில் இன்னொரு இடமும் இருக்கும், காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய யார்டு. எடுத்த இடமும் கொடுக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. டிரெய்லர் டிரைவருக்கு அந்த வரியைக் காட்டி வாடகை பேசாவிட்டால் பிறகு தகராறுதான். நேரடியாகத் துறைமுகத்திலிருந்தே எடுக்கும் வசதி பெற்ற பெரிய இறக்குமதியாளர்கள் ஸ்டேஷனுக்கே போக வேண்டியதில்லை. அவர்கள் கேட்க வேண்டியது கப்பல் எந்த டெர்மினலில் நின்றது என்பது மட்டுமே. தம்பி கதைக்கு இவை இரண்டும் வேண்டாம்.

தாள் எல்லாம் சேர்ந்த பிறகு விச்சூருக்கு நானும் கூடப் போனேன், அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது. பெரிய ஸ்டேஷன்களில் கேட்டே இரண்டு மூன்று இருக்கும். டிரெய்லர் நுழையும் கேட் வேறு, ஏற்றுமதிச் சரக்கு இறக்கும் கேட் வேறு, பிரித்த இறக்குமதிச் சரக்கை எடுக்க வரும் சின்ன வண்டிகளுக்கான வழி வேறு. டிரெய்லர் வரிசையில் குட்டி யானை மாட்டிக்கொண்டால் பின்னால் திரும்ப இடம் இருக்காது. வண்டியை வெளியே ஓரங்கட்டிவிட்டு, ஆள் மட்டும் நடந்து உள்ளே போய், கவுன்டரில் ஸ்டேஷன் கட்டணத்தைக் கட்டி, கேட் பாஸில் வண்டி எண்ணை எழுதி வாங்கிய பிறகு வண்டியைக் கூப்பிடுவதுதான் வசதி. கட்டணத்தை எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் போடுவார்கள், 1,000 கிலோவும் ஒரு கன மீட்டரும் சமம் என்று கணக்கு. இவருக்கு 640 கிலோதான், ஆனால் 1.8 கன மீட்டர் என்பதால் 1.8-க்குப் பில் வந்தது. தம்பி முகத்தைச் சுளித்தார். மரப்பெட்டியை இன்னும் சின்னதாக அடிக்கச் சொல்லியிருக்கலாம்.

கொடவுனுக்குள் போனதும் மூன்றில் இரண்டுதான் கண்ணில் பட்டது. இங்கே பதற்றப்பட வேண்டாம், ஆனால் இரண்டைப் பெற்றுக்கொண்டு மூன்று என்று கையெழுத்தும் போட வேண்டாம். பி.எல்.லில் ‘மார்க்ஸ் அண்ட் நம்பர்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு, பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கும் என்பது அதில் இருக்கும். இவருடையதில் பட்டறையின் பேரின் மூன்று எழுத்தும், கீழே 1/3, 2/3, 3/3 என்றும் இருந்தது. 2/3 காணவில்லை. அதே கன்டெய்னரில் வந்த இன்னொருவரின் பெட்டிகளும் அதே அளவு, அதே நிற மரம். பிரித்தவர்கள் அந்த வரிசையோடு சேர்த்து அடுக்கியிருந்தார்கள். டீஸ்டஃப் செய்தபோது எண்ணி எழுதிய டேலி ஷீட்டை எடுக்கச் சொன்னோம். அதில் சப்லைன் 4-க்கு மூன்று பெட்டி என்றே இருந்தது. ஆக, சரக்கு வந்திருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் தேடி, நான்கு வரிசை தள்ளி எடுத்துக் கொடுத்தார்.

டேலி ஷீட்டிலேயே இரண்டு என்று இருந்திருந்தால் கதை வேறு. கப்பலில் வந்து சேராத குறைவு என்று அங்கேயே எழுதி வாங்க வேண்டும், பெட்டி உடைந்திருந்தால் சர்வேயரைக் கூப்பிட வேண்டும். கேட்டைத் தாண்டிவிட்ட பிறகு எந்தப் பேச்சும் எடுபடாது. ரொம்ப நாள் தாமதித்துப் போகவும் கூடாது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்படி, இறக்கிய 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை, சுங்க அதிகாரியின் அனுமதியோடு, உரியவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஸ்டேஷன்காரர்கள் விற்கலாம். நடைமுறையில் முப்பத்தோராம் நாளே ஏலம் விடுவதில்லை என்றாலும், வாடகை தினமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

வண்டியில் ஏற்றியாயிற்று. டிரைவர் இ-வே பில் கேட்டார். அம்பத்தூரில் இருக்கும் அக்கவுன்டன்ட் பையன் ஏற்கெனவே போட்டு அனுப்பியிருந்தான். சரக்கு புறப்படும் இடம் என்ற கட்டத்தில் பி.எல்.லைப் பார்த்து ‘சென்னைத் துறைமுகம், 600001’ என்று போட்டிருந்தான். வண்டி புறப்படுவது விச்சூரிலிருந்து. வழியில் நிறுத்திப் பார்த்தால் வண்டி வரும் திசைக்கும் தாளுக்கும் பொருத்தம் இருக்காது. ரத்து செய்துவிட்டு, டி.ஓ.வில் இருந்த ஸ்டேஷன் முகவரியையும் பின்கோடையும் அப்படியே போட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னேன். அது போனில் வந்து சேரும் வரை வண்டி கேட்டுக்கு உள்பக்கமே நின்றது.